முடியோரத்து ஊதாக்கோடு

மாமல்லபுரத்துக் கடற்கரைக்குத் திருமண ஜோடிகள் விடிவதற்கு முன்பே படப்பிடிப்புக்கு வந்துவிடுவார்கள். கிழக்குக் கடல் என்பதால் சூரியன் நேராக நீரிலிருந்து எழும். மணப்பெண்ணைக் கடலுக்கு முதுகுகாட்டி நிறுத்தினால், பின்னாலிருந்து வரும் வெயில் கூந்தலின் கலைந்த இழைகளைத் தனித்தனியே ஏற்றிக் காட்டும். கேமராவின் சின்னத் திரையில் அந்தப் பொன் விளிம்பு மட்டும்தான் தெரியும். கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான், கன்னத்தில் விழுந்த முடியோரம் ஒரு ஊதாக்கோடும், பின்னந்தலையில் எழுந்து நிற்கும் முடியைச் சுற்றி ஒரு பச்சைச் சாயலும் கண்ணில் படும்.

அந்த ஊதாவும் பச்சையும் முடியில் இருந்தவையல்ல. லென்ஸ் உண்டாக்கியவை. எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால் எடுப்பதும் எளிது, எடுக்கும்போது படத்தைக் கெடுக்காமல் இருப்பதும் எளிது. பல ஆல்பங்களில் ஊதாவை எடுத்தவர்கள் அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு செத்த விளிம்பை விட்டுவைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலை வெயிலை வீணாக்கிவிட்டார்களே என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

கண்ணாடிக்குள் நுழையும் வெளிச்சம் நிறத்துக்கு நிறம் வேறு அளவில் வளைகிறது. ஊதா அதிகம் வளையும், சிவப்பு குறைவாக வளையும். அதனால் ஒற்றை வில்லை ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிக்கும். நியூட்டன் இதற்கு மருந்தே இல்லை என்று நினைத்தார். 1668-இல் வில்லையை விட்டுவிட்டு வளைந்த ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்ததற்கு அதுவே காரணம். மருந்து இருந்தது. வெவ்வேறு தன்மையுள்ள இரண்டு கண்ணாடிகளை இணைத்தால் ஒன்றின் பிழையை மற்றது பெருமளவு சரிக்கட்டும். இந்த முறைக்கு ஜான் டாலண்ட் 1758-இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். ஆனால் அப்படி இணைத்தாலும் இரண்டு நிறங்களைத்தான் ஒரே இடத்தில் சேர்க்க முடியும். மற்ற நிறங்கள் கொஞ்சம் தள்ளியே விழும். வழக்கமான லென்ஸ்களில் பச்சை முதலில் குவிகிறது, சிவப்பும் ஊதாவும் அதைத் தாண்டிக் குவிகின்றன.

புகைப்படக்காரர்களுக்கு இந்தத் தொல்லை புகைப்படம் பிறந்த நாளிலிருந்தே உண்டு. 1840-களில் இருந்த தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்றாக உணரும். ஸ்டூடியோக்காரரோ மஞ்சளும் பச்சையும் தெளிவாகத் தெரியும் இடத்தில் கண்ணால் ஃபோகஸ் செய்வார். கண்ணுக்குத் தெளிவாக இருந்த முகம் தகட்டில் மங்கிப்போகும். லண்டனில் ஸ்டூடியோ நடத்திய அன்டுவான் க்ளோடே இந்த வித்தியாசத்தை அளப்பதற்கென்றே ஒரு கருவி செய்தார். அன்று மங்கலாக வந்த அதே பிழை இன்று எல்லா நிறங்களையும் பதிவு செய்யும் சென்சாரில் வண்ணக் கோடாக வருகிறது.

இப்போது மணப்பெண்ணின் முகத்துக்கு வருவோம். ஃபோகஸ் கண்ணில் இருக்கிறது. கண்ணைவிடக் கேமராவுக்கு அருகில் இருக்கும் முடியின் பிம்பம் சென்சாருக்குப் பின்னால் குவியப் பார்க்கிறது. சிவப்பும் ஊதாவும் இன்னும் பின்னால் குவிபவை என்பதால் அவையே அதிகம் பரவி, முடியின் ஓரத்தில் ஊதாவாகக் கசிகின்றன. கண்ணைவிடத் தள்ளி இருக்கும் பின்னந்தலை முடியில் நடப்பது இதற்கு நேர்மாறு. அங்கே பச்சைதான் அதிகம் பரவுகிறது. ஆகவே முன்னால் ஊதா, பின்னால் பச்சை. இது ஒரு நல்ல அடையாளம். ஒரே தலையில் இந்த வரிசையில் இரண்டு நிறமும் தெரிந்தால், வேறு எதையும் சந்தேகிக்க வேண்டாம். சரியாக ஃபோகஸில் இருக்கும் முடியிலும் பின்னணி மிகப் பிரகாசமாக இருந்தால் மெல்லிய ஊதா தெரியும். பச்சை அங்கே கூர்மையாக இருக்க, ஊதா மட்டும் இன்னும் தள்ளி நிற்பதுதான் காரணம்.

கூந்தலில் மட்டும் இது ஏன் இத்தனை மோசமாகத் தெரிகிறது? உருவப்படத்துக்கு எல்லோரும் விரும்பும் 85 மிமீ லென்ஸை எடுத்துக்கொள்வோம். அபர்ச்சர் எஃப்/2, பெண் நிற்பது 2 மீட்டர் தூரத்தில். ஃபுல் ஃபிரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஆறேழு சென்டிமீட்டர்தான். ஒரு தலை முன்னும் பின்னுமாக ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும். கூந்தலில் பெரும்பகுதி ஃபோகஸுக்கு வெளியேதான் நிற்கிறது.

இழையின் பருமனையும் பாருங்கள். தலைமுடி ஒன்றின் தடிமன் 0.05 முதல் 0.1 மிமீ வரை இருக்கும். மேலே சொன்ன லென்ஸும் தூரமும் அதைச் சென்சாரில் இருபது மடங்குக்கு மேல் சிறிதாக்கிவிடும். கிடைப்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சாரின் ஒரு பிக்சலோ ஆயிரத்தில் ஆறு பங்கு அகலம். அதாவது தனித்துப் பறக்கும் ஒரு முடி, ஒரு பிக்சலைக்கூட முழுதாக நிரப்புவதில்லை. சுவரின் விளிம்பில் ஊதா வந்தால், பக்கத்திலேயே சுவரின் உண்மையான நிறம் இருக்கும். பறக்கும் முடியில் அப்படி உண்மையான நிறம் ஒளிந்திருக்க இடமே கிடையாது. இழை முழுவதுமே ஊதாவாகிவிடுகிறது. தானியங்கித் திருத்தங்கள் சட்டைக் காலரில் அழகாக வேலை செய்துவிட்டு முடியில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாக வெளிச்ச வித்தியாசம். கசிகிற ஊதா உண்மையில் சிறு பங்குதான். சாதாரணப் பின்னணியில் அது கண்ணுக்குப் படாது. ஆனால் உதிக்கும் சூரியனைச் சுற்றியுள்ள வானம், சென்சார் தாங்கும் அளவைத் தாண்டிப் பல மடங்கு பிரகாசமாக இருக்கும். அந்தப் பிரகாசத்தில் சிறு பங்கு கறுப்பு முடியின் மேல் விழுந்தாலும் பளிச்சென்று தெரியும்.

திருத்த உட்காருவதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். லென்ஸ் உண்டாக்கும் நிறக்கசிவு இரண்டு வகை. ஒன்று, இதுவரை சொன்னது. படத்தின் நடுவிலும் வரும், முடியின் இரண்டு பக்கத்திலும் ஒரே நிறமாக இருக்கும், அபர்ச்சரைச் சிறிதாக்கினால் குறையும். மற்றது படத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் மட்டும் வரும். அதில் ஒரு பொருளின் ஒரு பக்கம் சிவப்பு அல்லது ஊதா, எதிர்ப் பக்கம் பச்சை அல்லது நீலம் என்று எதிரெதிராக இருக்கும். அபர்ச்சரை எவ்வளவு சிறிதாக்கினாலும் அது போகாது. இந்த இரண்டாவது வகை ஒரே சொடுக்கில் சரியாகும். லைட்ரூமில் Remove Chromatic Aberration என்ற கட்டத்தில் டிக் போட்டால் நிரல் மூன்று நிறப் படங்களையும் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் பொருந்தும்படி நகர்த்திவிடும். பலர் இந்த டிக்கைப் போட்டுவிட்டு முடியில் ஊதா போகவில்லையே என்று திகைப்பார்கள். அது போகாது. அந்தக் கட்டம் வேறு நோய்க்கானது. ஆனாலும் அதை முதலில் போட்டுவிடுவது நல்லது. நிறங்கள் இடம் மாறி நின்றால் அடுத்து செய்யும் வேலை பிசகும்.

இனி ஒரு படத்தை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். வெயிலுக்கு முதுகுகாட்டி, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நிற்கிறாள் பெண். இந்தப் பக்கத்துக் கன்னத்தில் விழுந்த முடியில் ஊதா. அந்தப் பக்கத்துப் பின்னந்தலையில் பச்சை. ஜடையில் மல்லிகைச் சரம். புடவை வெள்ளிச் சரிகையோடு கத்தரிப்பூ நிற பார்டர் போட்டது. இந்தப் படத்தை வேண்டுமென்றேதான் தேர்ந்தெடுத்தேன். ஊதாவை எடுக்கப்போனால் பார்டர் இருக்கிறது. பச்சையை எடுக்கப்போனால் மல்லிகையின் காம்பு இருக்கிறது.

ரா கோப்பாக இருந்தால் வேலை எளிது. ஜேபெக்கில் கோப்பைச் சுருக்குவதற்காக நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் கரடுமுரடாகச் சேமிப்பதே வழக்கம். அதனால் ஊதா பக்கத்துப் பிக்சல்களுக்கும் பரவியிருக்கும். முதலில் ஒயிட் பேலன்ஸையும் எக்ஸ்போஷரையும் முடித்துவிடுங்கள். அவற்றை மாற்றினால் கசிவின் நிறமும் மாறும். நிறச்செறிவைக் கூட்டும் ஸ்லைடர்களையும் கூர்மையேற்றுவதையும் இப்போது தொடவேண்டாம். இரண்டுமே ஊதாவை ஊட்டி வளர்ப்பவை.

பிறகு Lens Corrections பகுதியில் Manual என்ற தாவலைத் திறந்தால் அங்கே Defringe இருக்கும். ஊதாவுக்கு ஒரு Amount, பச்சைக்கு ஒரு Amount. இரண்டும் 0 முதல் 20 வரை போகும். ஒவ்வொன்றின் கீழும் எந்த நிறத்திலிருந்து எந்த நிறம் வரை என்று எல்லை வகுக்கும் இரட்டைக் குமிழ் கொண்ட Hue ஸ்லைடர். படத்தை 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, அங்கே உள்ள சொட்டுக்குழாயை எடுத்து ஊதா முடியின்மேல் வையுங்கள். அது ஊதாவைக் கண்டுகொண்டால் அதன் முனை ஊதாவாக மாறும். அப்போது சொடுக்கினால் அளவும் எல்லையும் தாமாகவே அமையும். பச்சைக்கும் அதேபோல்.

இங்கே நிறுத்தினால்தான் சிக்கல். சொட்டுக்குழாய் தருவது ஒரு தொடக்கம் மட்டுமே. Alt விசையை அழுத்திக்கொண்டு Purple Hue குமிழ்களை நகர்த்திப் பாருங்கள். நிரல் எந்த நிற எல்லைக்குள் கைவைக்கப்போகிறதோ அந்த இடமெல்லாம் கறுப்பாகக் காட்டும். முடியோரத்தோடு பார்டரின் ஓரமும் கறுத்தால் எல்லை அகலமாகிவிட்டது என்று பொருள். முடியில் தெரியும் ஊதா பொதுவாக நீலம் கலந்தது, கத்தரிப்பூ நிறமோ சிவப்புப் பக்கம் சாய்ந்தது. ஆகவே சிவப்புப் பக்கத்துக் குமிழைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் பெரும்பாலும் பார்டர் தப்பிவிடும். Amount-ஐ முழுதாக ஏற்ற வேண்டாம். ஊதா பாதி வெளிறி, கண்ணை உறுத்தாமல் போகும் இடத்தில் நிறுத்துங்கள். மீதியை எடுக்க இன்னொரு வழி வருகிறது.

பச்சையில் அபாயம் அதிகம். மல்லிகை மொட்டின் அடியில் இருக்கும் சின்னப் பச்சைக் காம்பு வெள்ளை இதழ்களுக்கு நடுவே இருக்கிறது. நிரலின் கண்ணுக்கு அது பிரகாசமான வெள்ளையை ஒட்டி நிற்கும் ஒரு பச்சை விளிம்பு, அவ்வளவுதான். இரக்கமின்றிச் சாம்பலாக்கிவிடும். காம்பு சாம்பலான மல்லிகையை யாரும் இன்ன காரணம் என்று சொல்லமாட்டார்கள், ஆனால் பிளாஸ்டிக் பூ மாதிரி இருக்கிறது என்பார்கள். இதற்கு மருந்து பிரஷ்ஷில் இருக்கிறது. ஒரு மாஸ்க் போட்டு, பூச்சரத்தின் மேலும் பார்டரின் மேலும் பிரஷ்ஷால் தடவி, அந்த மாஸ்க்கின் Defringe ஸ்லைடரை -100-க்குக் கொண்டுபோனால், அந்த இடங்களில் பொதுத் திருத்தம் எதுவும் நடக்காது. அதே ஸ்லைடரைக் கூட்டல் பக்கம் தள்ளினால், தடவிய இடத்தில் எந்த நிறக் கசிவாக இருந்தாலும் எடுக்கும். ஒரே ஒரு கற்றையில் மட்டும் கசிவு இருக்கும் படத்தில் நான் பொதுத் திருத்தத்தைத் தொடுவதே இல்லை. அந்தக் கற்றையில் மட்டும் பிரஷ்ஷை ஓட்டுவது போதும்.

இவ்வளவும் செய்தபின் முடியைப் பாருங்கள். ஊதா இல்லை, பச்சை இல்லை, ஆனால் முடியோரம் சாம்பல். முன்னால் சொன்ன செத்த விளிம்பு இதுதான். நிரல் செய்தது நிறத்தை உறிஞ்சியது மட்டும். வெயில் பட்ட கறுப்பு முடியோரம் எப்போதும் சாம்பலாக இருக்காது. செம்பட்டை கலந்த பழுப்பு, விளிம்பில் தேன் நிறம், விடிகாலை என்றால் இன்னும் சூடான ஆரஞ்சு. பக்கத்துக் கற்றை அப்படி ஒளிர, இந்தக் கற்றை மட்டும் சாம்பலாக நின்றால் அங்கே கைவைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே வேலையின் இரண்டாம் பாதி, நிறத்தைத் திரும்பக் கொடுப்பது.

ஃபோட்டோஷாப்பில் படத்தின் மேல் ஒரு புதிய வெற்று லேயர் போடுங்கள். அதன் கலப்பு முறையை Color என்று மாற்றுங்கள். ஜிம்ப் பயன்படுத்துகிறவர்களுக்கு அதற்கு நிகரானவை HSL Color அல்லது LCh Color. இந்த முறையில் மேல் லேயரிலிருந்து நிறம் மட்டும் எடுத்துக்கொள்ளப்படும். வெளிச்சமும் நிழலும் கீழே உள்ள படத்தினுடையவை. முடியின் இழை விவரம் முழுவதும் வெளிச்ச வித்தியாசத்தில்தான் இருக்கிறது, அதனால் ஒரு இழைகூட அழியாது. பிரஷ்ஷின் Flow-வை 20, 30 சதவீதத்துக்குக் குறைத்து, ஓரம் மிருதுவான பிரஷ்ஷாக எடுத்துக்கொண்டு, கெட்டுப்போன கற்றையின் மேல் மெல்ல ஓட்டுங்கள்.

எந்த நிறத்தைத் தடவுவது என்பதில்தான் திறமை. ஒரே பழுப்பை எடுத்துத் தலை முழுக்கத் தடவினால் சாயம் பூசியதுபோல ஆகிவிடும். ஃபோகஸில் நன்றாக விழுந்திருக்கும் கற்றை ஒன்று எப்போதும் இருக்கும், பெரும்பாலும் நெற்றிக்கு மேலே. அங்கே இழையின் உள்பக்கத்திலிருந்து ஒரு நிறம், வெயில் பட்ட விளிம்பிலிருந்து இன்னொரு நிறம் எடுங்கள். Alt விசையை அழுத்திக்கொண்டு சொடுக்கினால் பிரஷ் அந்த நிறத்தை எடுத்துக்கொள்ளும். உள்பக்க நிறத்தைக் கற்றையின் உடலுக்கும், விளிம்பு நிறத்தை ஓரத்துக்கும் தடவுங்கள். அந்த இரண்டு நிறங்களும் அதே முடியில் அதே வெயிலில் கிடைத்தவை என்பதால் கண் அவற்றை உடனே ஏற்றுக்கொள்ளும்.

இந்த முறையில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. Color கலப்பில் முழு வெள்ளையின் மேல் எதைத் தடவினாலும் அது வெள்ளையாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே வெளிச்சம் உச்சத்தில் இருக்கிறது. பின்னணி வானம் முழுதாக வெளுத்திருந்தால் பிரஷ் வெளியே வழிந்தாலும் கவலையில்லை. நிறம் முடியில் மட்டும் ஒட்டும். வானத்தில் லேசான நீலமோ ஆரஞ்சோ மிச்சமிருந்தால் அப்படி விட முடியாது. முடியைச் சுற்றி ஒரு அழுக்குப் பழுப்பு வளையம் படிந்துவிடும். அப்போது பிரஷ்ஷைச் சிறிதாக்கி, முடியிருக்கும் இடத்தோடு நிறுத்த வேண்டும். வழிந்த இடத்தில் வானத்தின் நிறத்தை எடுத்து அதே லேயரிலேயே மேலே தடவிவிடலாம்.

முடி மிக மெல்லியதாகச் சிதறிக் கிடந்தால், இழை இழையாகத் தடவுவது நடக்காத காரியம். அப்போது படத்தின் ஒரு நகலை மேலே வைத்து, அதை Gaussian Blur கொடுத்து மங்கலாக்கி, கலப்பு முறையை Color என்று மாற்றுங்கள். ஊதா சுற்றியிருக்கும் நிறங்களோடு கரைந்துபோகும். பிறகு கறுப்பு மாஸ்க் போட்டு, கசிவு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷ்ஷால் திறந்துவிடுங்கள். மங்கலின் அளவு கசிவின் அகலத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு இருக்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் ஊதா பரவுமே தவிரப் போகாது. மிக அதிகமானால் கன்னத்தின் நிறம் முடிக்கு ஏறிவிடும்.

இந்த எல்லா வழிகளுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. கசிந்த ஊதா நிறத்தை மட்டும் மாற்றியிருக்கவில்லை, ஓரத்தின் வெளிச்சத்தையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. நிறத்தை எடுத்தபின் அங்கே ஒரு மெல்லிய மங்கல் மிஞ்சும். பழுப்பாக இருக்கும்போது அது முடியின் அடர்த்தியாகக் கண்ணுக்குப் படும், அதை அப்படியே விட்டுவிடலாம். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் நிறக்கசிவு தொலைந்துவிடும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஒவ்வொரு நிறமும் எந்தச் சாம்பலாக மாற வேண்டும் என்று நிரலில் முடிவு செய்கிறோம். நீலத்தையும் ஊதாவையும் இருட்டாக்கினால் முடியைச் சுற்றிக் கருங்கோடு விழும், வெளுப்பாக்கினால் முடியோரம் கரைந்துபோகும். ஆகவே கறுப்பு வெள்ளைக்கும் முதலில் நிறத்திலேயே கசிவை எடுத்துவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

எடுக்கும்போதே குறைப்பதற்கு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. அபர்ச்சரை எஃப்/2-இலிருந்து எஃப்/4-க்குக் கொண்டுபோனால் தெளிவான ஆழம் 13 சென்டிமீட்டருக்கு அருகில் போகும், பரவிய நிறமும் பாதியாகச் சுருங்கும். பின்னணி அவ்வளவு மிருதுவாக வராது என்பது உண்மை. ஆனால் கடலும் வானமும் மட்டும் பின்னால் இருக்கும் படத்தில் அந்த இழப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. மரக்கிளைகளுக்கு இடையே வானம் தெரியும் தோப்பில் எடுத்தால் நான் எஃப்/2.8-க்குக் கீழே போகத் தயங்குவேன். அங்கே ஒவ்வொரு இலையிடுக்கிலும் இதே ஊதா வரும், அதைப் பிரஷ்ஷால் எடுக்க ஒரு நாள் போதாது.

அதைவிட நல்ல வழி, வானத்தை அளவோடு பதிவு செய்வது. முகத்துக்கு ஒரு வெள்ளைப் பலகையாலோ ஃபிளாஷாலோ வெளிச்சம் கொடுத்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் இறக்கலாம். வானம் வெளுப்பது குறையும், அதோடு ஊதாவும் இறங்கும். இன்னும் எளியது, நிற்கும் இடத்தை மாற்றுவது. கேமராவைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் தலைக்குப் பின்னால் வானத்துக்குப் பதில் கடல் வரும். கடல் வானத்தைவிடப் பல மடங்கு இருட்டு. விளிம்பு வெயில் அப்படியே இருக்கும், கசிவுக்குத் தீனி மட்டும் இருக்காது. கரைக்கோயிலின் நிழல் பக்கத்துச் சுவர் தலைக்குப் பின்னால் விழும்படி நின்றாலும் இதே பலன்தான்.

லென்ஸை மாற்றுவதைக் கடைசியாகத்தான் சொல்வேன். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் ஏறக்குறைய ஒரே இடத்தில் சேர்க்கும் லென்ஸ்கள் உண்டு. ஸைஸ் நிறுவனம் 2013-இல் கொண்டுவந்த ஓட்டஸ் 55 மிமீ எஃப்/1.4 அப்படிப்பட்டது. கேனன் 2015-இல் வெளியிட்ட 35 மிமீ எஃப்/1.4 லென்ஸின் இரண்டாம் பதிப்பில், நீல ஒளியை மட்டும் பலமாக வளைக்கும் தனிப் பொருள் ஒன்றை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்திருக்கிறார்கள். இவற்றின் விலையும் எடையும் எல்லோருக்கும் ஒத்துவராது. சாதாரண 85 மிமீ எஃப்/1.8 லென்ஸை எஃப்/2.8-இல் வைத்து, வானத்தை எரியவிடாமல் எடுக்கிறவருக்கு அவை பெரும்பாலும் தேவைப்படுவதும் இல்லை.

எவ்வளவு தூரம் திருத்த வேண்டும் என்பதைப் படம் போய்ச்சேரும் இடத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். 24 மெகாபிக்சல் படம் நீளவாக்கில் 6,000 பிக்சல். அதில் நான்கு பிக்சல் அகலமான ஒரு கசிவு, 1,600 பிக்சலாகச் சுருக்கிக் கைபேசியில் அனுப்பும் படத்தில் ஒரு பிக்சல் அளவுக்கு ஒடுங்கிவிடும். அதற்கு Defringe மட்டும் போதும், பிரஷ் வேலை வீண். ஆல்பத்தில் 12 அங்குலத்துக்கு 18 அங்குலம் என்று ஒரு முழுப் பக்கமாக அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 5,400 பிக்சல் தேவை, அதாவது ஏறக்குறைய முழுப் படமும். அங்கே ஒவ்வொரு இழையும் தெரியும். அந்தப் பக்கத்துக்கு வரும் படங்களை மட்டும் தனியே எடுத்து வைத்து, நிறம் திரும்பக் கொடுக்கும் வேலையை அவற்றில் செய்யுங்கள். முடித்ததும் 200 சதவீதத்திலிருந்து அச்சில் வரும் அளவுக்குச் சுருக்கி, லேயரை அணைத்தும் ஏற்றியும் ஒருமுறை பாருங்கள். ஏற்றும்போது கூந்தல் வெயிலில் நிற்பதாகத் தெரிந்தால் அச்சுக்கு அனுப்பலாம். சாயம் போட்டதாகத் தெரிந்தால் அந்த லேயரின் Opacity-யை 60, 70 சதவீதத்துக்கு இறக்குங்கள். மிச்சமிருக்கும் லேசான ஊதா பழுப்போடு கலந்து முடியின் நிறமாகவே தெரியும்.